எத்தனை அட்வைஸ்? எவ்வளவு அட்வைஸ்?

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் ரயில் பயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் இப்படி நாலு வரி வருகிறது: “வி ஹேட் மெனி லக்கேஜஸ். எ போர்ட்டர் கேவ் அஸ் எ குட் அட்வைஸ். வி காட் ஆல் தி இன்ஃபர்மேஷன்ஸ் அட் தி கவுண்டர். தே வேர் வெரி யூஸ்ஃபுல்.”

சொல்ல வந்தது தெளிவாகவே இருக்கிறது. மூட்டை முடிச்சு நிறைய இருந்தது, போர்ட்டர் ஒரு நல்ல யோசனை சொன்னார், கவுண்டரில் எல்லாத் தகவல்களும் கிடைத்தன, அவை உதவியாக இருந்தன. காலமும் சரி, எழுத்துப் பிழையும் இல்லை. ஆனாலும் ஆங்கில ஆசிரியரின் சிவப்புப் பேனா நாலு வரியிலும் நின்று நின்றுதான் போகும்.

லக்கேஜ், அட்வைஸ், இன்ஃபர்மேஷன் மூன்றுமே ஆங்கிலத்தில் எண்ண முடியாத பெயர்ச்சொற்கள். அவற்றுக்குப் பன்மை விகுதியான ‘எஸ்’ ஒட்டாது. பெரும்பாலான வகுப்புகளில் பாடம் இத்தோடு முடிந்துவிடுகிறது. ஆசிரியர் ‘எஸ்’ஸை அடிக்கிறார், மாணவர் அடித்ததைப் பார்த்துத் திருத்தி எழுதுகிறார். திருத்திய கட்டுரையில் என்ன நிற்கிறது? “மெனி லக்கேஜ்” என்று நிற்கிறது. அதுவும் தப்புத்தான்.

இந்தப் பிழையின் வேர் ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்தில் இல்லை. சொல்லைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றிலும் அது ஓடுகிறது. மெனி என்ற சொல் எண்ணக்கூடியதோடு மட்டுமே சேரும். லக்கேஜுக்கு மச் வரவேண்டும் என்று இலக்கணப் புத்தகம் சொல்லும். ஆனால் “வி ஹேட் மச் லக்கேஜ்” என்று யாரும் பேசுவதில்லை. மச் பெரும்பாலும் கேள்வியிலும் எதிர்மறையிலும்தான் இயல்பாக வரும். சாதாரண வாக்கியத்துக்கு “எ லாட் ஆஃப் லக்கேஜ்” என்பதே பொருத்தம். இரண்டாவது வரியில் ‘எஸ்’ஸே இல்லை, அதனாலேயே அங்கே உள்ள பிழை பலமுறை கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. ‘எ குட் அட்வைஸ்’ என்பதில் உள்ள ‘எ’ என்றால் ஒன்று. எண்ண முடியாத சொல்லுக்கு இரண்டு எப்படி இல்லையோ, அப்படி ஒன்றும் கிடையாது. ஆகவே “சம் குட் அட்வைஸ்”. மூன்றாவது வரியில் ‘எஸ்’ போனால் போதும். நான்காவது வரியில் இருக்கும் ‘தே வேர்’ முந்தின வரியின் இன்ஃபர்மேஷனைச் சுட்டுவதால், அது ‘இட் வாஸ்’ ஆகவேண்டும்.

கணக்குப் பார்த்தால் ‘எஸ்’ இரண்டு இடத்தில்தான் இருந்தது. ஆனால் மெனி, எ, தே, வேர் என்று இன்னும் நாலு சொல்லை மாற்ற வேண்டியிருக்கிறது. ‘எஸ்’ஸை மட்டும் துரத்தும் திருத்தம் பாதியிலேயே நிற்பது இதனால்தான்.

மாணவர் ஏன் இப்படி எழுதுகிறார்? எண்ணக்கூடியது, எண்ண முடியாதது என்ற வேற்றுமை தமிழில் இல்லை, அதனால் குழம்புகிறார் என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. அது சரியில்லை. பால்காரரிடம் “எவ்வளவு பால்?” என்கிறோம், மாட்டுக்காரரிடம் “எத்தனை மாடு?” என்கிறோம். “எத்தனை பால்?” என்று கேட்டால் பாக்கெட்டைத்தான் கேட்கிறோம் என்று கடைக்காரர் எடுத்துக்கொள்வார். பேச்சுவழக்கில் ‘எவ்வளவு பேர்’ என்று கொஞ்சம் தளர்வு உண்டு. என்றாலும் எத்தனை, எவ்வளவு என்ற இரட்டை மெனி, மச் இரட்டைக்கு ஏறக்குறைய நேராகவே நிற்கிறது. வேற்றுமை இரண்டு மொழியிலும் இருக்கிறது. எந்தச் சொல் எந்தப் பக்கம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. “எத்தனை அறிவுரை சொன்னாலும் கேட்கமாட்டான்” என்பது அன்றாடப் பேச்சு. “ரெண்டு தகவல் சொல்லணும்” என்கிறோம், “மூணு சாமான் வாங்கணும்” என்கிறோம். இவையெல்லாம் தமிழில் எத்தனையின் பக்கம். இவற்றின் ஆங்கிலச் சகாக்களோ எவ்வளவின் பக்கம் போய் உட்கார்ந்திருக்கின்றன.

சொந்த மொழியில் இப்படி ஒரு சொல்லைப் பார்த்தால் விஷயம் சட்டென்று விளங்கும். பணத்தை எண்ணுகிறோம். வங்கியில் எண்ணுவதற்கு இயந்திரமே வைத்திருக்கிறார்கள். ஆனால் யாரும் ‘பணங்கள்’ என்று சொல்வதில்லை. ‘ஐந்து பணம் கொடு’ என்றும் சொல்வதில்லை. எண்ணுவதெல்லாம் ரூபாயை, நோட்டை, காசை. தமிழ் கற்கும் வெளிநாட்டவர் ஒருவர் “என்னிடம் நிறையப் பணங்கள் இருக்கின்றன” என்று எழுதினால் நமக்குச் சிரிப்பு வரும். ஏன் தப்பு என்று அவர் கேட்டால் பதில் வராது. எண்ண முடிகிறதே என்பது அவர் வாதமாக இருக்கும், அதை மறுக்க முடியாது. எல்லாம் அந்தச் சொல்லின் பழக்கம் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பணம் எப்போதும் இப்படி இருந்ததும் இல்லை. கம்பெனி ஆட்சியின் சென்னையில் பணம் என்பது ஒரு நாணயத்தின் பெயர். எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன். அன்றைக்கு ‘ஐந்து பணம்’ சரியான தமிழ். அந்த நாணயம் வழக்கிலிருந்து போனது. சொல் மட்டும் பொதுப் பொருளில் தங்கி, எவ்வளவு என்ற கேள்விக்கு உரியதாக மாறிவிட்டது.

ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட சொற்களுக்குப் பெரும்பாலும் ஒரு துணைச்சொல் இருக்கும். ஃபர்னிச்சர் எண்ண முடியாதது, ஆனால் சேர், டேபிள் எண்ணக்கூடியவை. லக்கேஜ் கூடாது, பேக், சூட்கேஸ் கூடும். ஒர்க் கூடாது, ஜாப் கூடும். ஹோம்ஒர்க் கூடாது, அசைன்மென்ட் கூடும். பொயட்ரி கூடாது, போயம் கூடும். எக்விப்மென்ட் கூடாது, மெஷின் கூடும். அட்வைஸுக்கு டிப், சஜஷன் இருக்கின்றன. இன்ஃபர்மேஷனுக்கு ஃபேக்ட், டீடெயில் இருக்கின்றன. பொதுவாக வகையின் பெயர் மொத்தமாக நிற்கிறது, அதற்குள் அடங்கும் தனிப்பொருளின் பெயர் எண்ணிக்கைக்கு வருகிறது.

அப்படியானால் ஆங்கிலேயர் ஃபர்னிச்சரைத் தண்ணீர்போல, மாவுபோல ஒரே திரளாகத்தான் மனத்தில் காண்கிறார்களா? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டேவிட் பார்னர், ஜெஸி ஸ்னெடெக்கர் என்ற இரு உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில் படங்களைக் காட்டி ஒரு எளிய கேள்வி கேட்டார்கள். ஒருவரிடம் பெரிதாக ஒரே பொருள், இன்னொருவரிடம் சிறியதாகப் பல பொருள்கள். அந்த ஒற்றைப் பொருளின் அளவு, சிறியவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிட அதிகம். யாரிடம் அதிகம் இருக்கிறது? பற்பசை என்றால் பதில் சொன்னவர்கள் அளவைப் பார்த்தார்கள். ஷூ என்றால் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். ஃபர்னிச்சர் என்றபோதும் எண்ணிக்கையைத்தான் பார்த்தார்கள். பெரியவர்களும் அப்படி, நாலு வயதுக் குழந்தைகளும் அப்படியே. இலக்கணம் எண்ணாதே என்று சொல்லும் சொல்லையும் அவர்கள் மனம் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது.

இதே ஆய்வில் இன்னொரு பகுதி இன்னும் சுவையானது. கல், நூல், காகிதம் போன்ற சொற்கள் ஆங்கிலத்தில் இரண்டு விதமாகவும் வரும். ‘மோர் ஸ்டோன்’ என்று கேட்டால் அளவைப் பார்த்தார்கள், ‘மோர் ஸ்டோன்ஸ்’ என்று கேட்டால் எண்ணிக்கைக்குத் தாவினார்கள். பொருள் அதேதான், படமும் அதேதான். வந்து சேர்ந்த ஒரு ‘எஸ்’ பதிலையே புரட்டிப் போட்டது. ஆக, ‘லக்கேஜஸ்’ என்று எழுதும் தமிழ் மாணவர் உலகத்தைத் தப்பாகப் பார்க்கவில்லை. மூன்று பெட்டி மூன்று பெட்டிதான், லண்டனிலும் சரி, மதுரையிலும் சரி. அந்தச் சொல்லை எப்படிக் கையாள்வது என்ற வழக்கம் மட்டுமே அவருக்குப் பிடிபடவில்லை.

வழக்கம் என்பதால்தான் அதை யோசித்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. சமையலறைக்குள் போய்ப் பார்த்தாலே இது தெரியும். அரிசி மணியும் துவரம்பருப்பும் அளவில் பெரிதாக வேறுபடுவதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் ரைஸ் எண்ண முடியாதது, லென்டில்ஸ் பன்மை. வீட் எண்ண முடியாதது, ஓட்ஸ் பன்மை. நூடுல்ஸ் பன்மை, ஸ்பகெட்டி ஒருமை. ஸ்பகெட்டி என்ற சொல் இத்தாலியிலிருந்து வரும்போது பன்மையாகத்தான் வந்தது. ஆங்கிலம் அதை வாங்கி, எண்ண முடியாத பட்டியலில் போட்டுக்கொண்டது. பட்டாணியின் கதை தலைகீழ். பழைய ஆங்கிலத்தில் ‘பீஸ்’ என்பதே அதன் பெயர், கடைசியில் உள்ள ஒலி சொல்லின் உறுப்பு. கேட்டவர்கள் அந்த ஒலியைப் பன்மை விகுதி என்று எண்ணி, அதை வெட்டி ‘பீ’ என்று ஒருமையை உண்டாக்கிவிட்டார்கள். இன்றைக்கு ‘பீ’தான் சரியான ஆங்கிலம். மாணவர் ஒருவர் விகுதியைத் தப்பாகப் புரிந்துகொண்டால் மதிப்பெண் போகிறது. ஒரு நாடே தப்பாகப் புரிந்துகொண்டால் அகராதியில் ஏறுகிறது.

‘எஸ்’ஸில் முடிந்தும் ஒருமையாக நிற்கும் நியூஸைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. பள்ளியில் எல்லோரும் ஒருமுறையாவது “தி நியூஸ் ஆர்” என்று எழுதித் திருத்து வாங்கியிருப்பார்கள்.

யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது என்றால் வேறு என்ன வழி? அகராதிதான். எல்லா அகராதியும் உதவாது. ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்தவருக்கு இன்ஃபர்மேஷன் எண்ணப்படுமா என்று சொல்லத் தேவையில்லை, அதனால் அவர்களுக்கென்று எழுதிய அகராதிகள் நெடுங்காலம் இதைச் சொல்லவே இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓட்டோ யெஸ்பர்சன் என்ற டென்மார்க் அறிஞர் ஆங்கில இலக்கணத்தை விரிவாக எழுதியபோது இந்தச் சொற்களைத் தனி வகையாகப் பிரித்துப் பெயரிட்டு ஆராய்ந்தார். அதைக் கற்போருக்கான கருவியாக்கியவர்களில் இருவர் டோக்கியோவோடு தொடர்புடையவர்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹெரால்ட் பாமர், 1938இல் வெளியிட்ட தமது நூலில் எண்ணக்கூடியவை, எண்ண முடியாதவை என்று சொற்களைக் குறித்துக் காட்டினார். அங்கேயே கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி இரு சகாக்களுடன் தயாரித்த அகராதி 1942இல், போர் நடக்கும்போது, டோக்கியோவில் வெளியானது. ஜப்பானிய மொழியில் பெயர்ச்சொல்லுக்குக் கட்டாயப் பன்மை கிடையாது. ஜப்பானிய மாணவர்களோடு வருடக்கணக்கில் மல்லாடியவர்களுக்குத்தான் இந்தக் குறிகளின் அருமை தெரிந்திருக்க முடியும். அந்த அகராதியை 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. இன்று கல்லூரி மாணவர்கள் வாங்கும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி அதன் வழித்தோன்றல்தான்.

அதைத் திறந்தால் பெயர்ச்சொல்லுக்கு அருகே ‘சி’ அல்லது ‘யூ’ என்ற எழுத்து நிற்கும். சி என்றால் எண்ணக்கூடியது, யூ என்றால் எண்ண முடியாதது. பலர் இந்த எழுத்தைத் தாண்டி நேரே பொருளுக்குப் போய்விடுகிறார்கள். அதுவும் பாதி வேலைதான், ஏனென்றால் குறி சொல்லுக்கு மொத்தமாக வருவதில்லை, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக வருகிறது. எக்ஸ்பீரியன்ஸ் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். வேலை செய்து பெற்ற அனுபவம் என்ற பொருளில் அது யூ. அதனால் வேலைக்கு விண்ணப்பிப்பவர் “ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்” என்றுதான் எழுதவேண்டும். நேர்ந்த ஒரு நிகழ்ச்சி என்ற பொருளில் அது சி. “ஸ்ட்ரேஞ்ச் எக்ஸ்பீரியன்சஸ்” என்று தாராளமாக எழுதலாம். பேப்பர் எழுதும் காகிதமானால் யூ, செய்தித்தாளோ வினாத்தாளோ ஆனால் சி. ஹேர் தலைமுடி மொத்தத்துக்கும் யூ. “மை ஹேர்ஸ் ஆர் ஃபாலிங்” என்று மருத்துவரிடம் சொல்பவர் ஹேர் என்றே சொல்லவேண்டும். தோசையில் கிடந்த இரண்டு முடியைப் பற்றிப் புகார் சொல்லும்போது மட்டும் ‘டூ ஹேர்ஸ்’ சரி. காபியும் இப்படித்தான்: குடிக்கும் பொருளாக யூ, ஓட்டலில் ஆர்டர் சொல்லும்போது ‘டூ காஃபீஸ்’. நம் டீக்கடையில் ‘ரெண்டு காபி’ என்பதும் இதே கணக்கு.

எண்ணியே ஆகவேண்டும் என்ற கட்டம் வந்தால் பள்ளியில் ஒரு உபாயம் கற்பிக்கிறார்கள்: “எ பீஸ் ஆஃப் அட்வைஸ்”. இது சரியான ஆங்கிலம். ஆனால் இதை மனப்பாடம் செய்த மாணவர்கள் “மெனி பீசஸ் ஆஃப் அட்வைஸ்”, “ஃபைவ் பீசஸ் ஆஃப் இன்ஃபர்மேஷன்” என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இலக்கணம் தப்பவில்லை என்றாலும் வாசிக்க நொண்டுகிறது. எண்ணிக்கை முக்கியமில்லை என்றால் ‘சம்’ போதும். முக்கியம் என்றால் துணைச்சொல்லுக்குப் போய்விடுவது மேல்: ஃபைவ் டிப்ஸ், த்ரீ டீடெயில்ஸ், டூ சூட்கேசஸ்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சங்கடமான உண்மை இருக்கிறது. அட்வைசஸ், இன்ஃபர்மேஷன்ஸ் இரண்டும் ஆங்கிலத்தில் இல்லாத சொற்கள் என்று சொல்லவும் முடியாது. வங்கிகளில் கணக்கில் வரவு வைத்ததை அறிவிக்கும் தாளுக்குக் கிரெடிட் அட்வைஸ் என்று பெயர், பற்று வைத்ததை அறிவிப்பது டெபிட் அட்வைஸ். பத்துத் தாள் இருந்தால் அவை பத்து அட்வைசஸ்தான். வெளியூரிலிருந்து கப்பலில் வந்து சேரும் செய்திகளையும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகள் அட்வைசஸ் என்றே குறிப்பிட்டன. இங்கிலாந்துச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் முறைப்படி வைக்கும் குற்றச்சாட்டு ஒரு இன்ஃபர்மேஷன், பல வைத்தால் இன்ஃபர்மேஷன்ஸ்.

நம் காவல் நிலையங்களில் பதிவாகும் எஃப்.ஐ.ஆரின் நடுவிலும் அந்தச் சொல்தான் உட்கார்ந்திருக்கிறது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆவது பிரிவு ‘எவ்ரி இன்ஃபர்மேஷன்’ என்றுதான் தொடங்கியது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தின் 173ஆவது பிரிவும் அதே சொற்களை வைத்திருக்கிறது. எவ்ரி என்பது எண்ணக்கூடிய சொல்லோடு மட்டுமே வரும். மாணவர் கட்டுரையில் ‘எவ்ரி இன்ஃபர்மேஷன்’ என்று எழுதினால் அடிபடும். சட்டப் புத்தகத்தில் அதுவே முறையான பிரயோகம், ஏனென்றால் அங்கே இன்ஃபர்மேஷன் என்பது நிலையத்துக்கு வந்து சேரும் ஒவ்வொரு புகாரையும் தனித்தனியாகக் குறிக்கிறது. ரிசர்ச்சும் இதற்குத் தப்பவில்லை. மின்சாரத்தைப் பற்றி மைக்கேல் ஃபாரடே 19ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட தொகுதிகளின் தலைப்பிலேயே ரிசர்ச்சஸ் இருக்கிறது. இன்றைய ஆய்வு மாணவர் அப்படித் தலைப்பு வைத்தால் நெறியாளர் முதல் வேலையாகக் கடைசி எழுத்துகளை அடிப்பார்.

கடைத்தெருவில் நிலைமை வேறு. ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்ற பெயர்ப்பலகை தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் கண்ணில் படும், ‘எக்விப்மென்ட்ஸ்’ பலகைக்கும் குறைவில்லை. அவற்றைத் தப்பு என்று சொல்லி இறக்கி வைக்கச் சொல்வதில் அர்த்தம் இல்லை. கடைக்கு வருபவர்களுக்கு அது புரிகிறது, ‘ஃபர்னிச்சர்’ என்ற தமிழ்ப் பேச்சுச் சொல்லுக்கு அப்படி ஒரு பன்மை ஏற்கெனவே ஊன்றிவிட்டது. தேர்வுத்தாள், ஆய்வுக் கட்டுரை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதும் விண்ணப்பம் என்று வரும்போது மட்டும் பழைய பட்டியலே செல்லும். அங்கே திருத்துபவர் பலகையைப் பார்ப்பதில்லை, அகராதியைப் பார்க்கிறார்.

பட்டியலும் நகராமல் நிற்கவில்லை. தபாலில் வரும் மெயில் ஆங்கிலத்தில் எண்ண முடியாதது. வீட்டுக்கு ஐந்து கடிதம் வந்தால் ‘ஃபைவ் லெட்டர்ஸ்’தான், ‘ஃபைவ் மெயில்ஸ்’ கிடையாது. அதே மெயிலுக்கு முன்னால் ஒரு ‘இ’ சேர்ந்து இமெயில் ஆனபோது, முதலில் அதுவும் எண்ண முடியாததாகவே நடமாடியது. பிறகு ‘அன் இமெயில்’, ‘டூ இமெயில்ஸ்’ என்று எல்லோரும் சொல்லத் தொடங்கி, இப்போது அகராதியில் அதற்கு சி, யூ இரண்டு குறியும் இருக்கின்றன. சாஃப்ட்வேருக்கு மட்டும் இன்னும் யூதான். ‘டூ சாஃப்ட்வேர்ஸ்’ என்று எழுதும் பொறியாளர், ‘டூ ப்ரோகிராம்ஸ்’ என்றோ ‘டூ ஆப்ஸ்’ என்றோதான் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.